புள்ளிகளுக்கு நடுவே ஒரு விலங்கின் நிலம்

2023 ஏப்ரல் 29 அன்று இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கேரள வனத்துறையினர் அதன் கழுத்தில் காலர் மாட்டி, லாரியில் ஏற்றிப் போய்ப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடியும் பிடித்து, தெற்கே களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டது. அந்த யானை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அப்போதெல்லாம் செய்தி வந்துகொண்டிருந்ததற்குக் காரணம், அந்தக் காலர் அனுப்பிய இடப்பதிவுகள்தான்.

இத்தனை பதிவுகளையும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்து, சுற்றிலும் ஒரு கோடு இழுத்து, "இதுதான் இந்த யானை நடமாடும் பரப்பு" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? பெரியாறு தொடங்கிக் குமரி எல்லைக்குப் பக்கத்து மலைவரை அது லாரியில் நின்றபடி கடந்த நிலமும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடும். இப்படிச் செய்யக்கூடாது என்பது யாருக்கும் புரியும். ஆனால் எங்கே கோடு போடவேண்டும் என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதில் வராது.

நடமாடும் பரப்பு என்றால் என்ன என்பதற்கு இன்றும் எடுத்தாளப்படும் விளக்கத்தை 1943-இல் வில்லியம் ஹென்றி பர்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் எழுதினார். உணவு தேடுவது, இணை சேர்வது, குட்டிகளைப் பேணுவது ஆகிய அன்றாடக் காரியங்களுக்காக ஒரு விலங்கு சுற்றிவரும் இடமே அது. எப்போதோ ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த இடம் கணக்கில் சேராது. மற்ற விலங்குகளை உள்ளே விடாமல் விரட்டிக் காக்கும் எல்லை வேறு, இது வேறு என்பதையும் அவர் பிரித்துச் சொன்னார். ஒரே காட்டில் பல விலங்குகளின் நடமாடும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கலாம்.

விளக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் களத்தில் நம் கைக்கு வருவது பரப்பு அல்ல, புள்ளிகள். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம் என்று ஒரு பட்டியல். புள்ளிகளிலிருந்து பரப்புக்குப் போக ஒரு முறை வேண்டும். அதிகம் புழங்குவன இரண்டு முறைகள்: ஒன்று குவிப் பலகோணம், இன்னொன்று கெர்னல்.

ஓரப் புள்ளிகளின் கணக்கு

பழைய முறை முதலில். 1947-இல் கார்ல் மோர் எழுதிய கட்டுரையோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். எல்லாப் புள்ளிகளிலும் வெளி ஓரத்தில் கிடப்பவற்றை மட்டும் எடுத்து நேர்கோடுகளால் இணைக்கவேண்டும். எந்த மூலையும் உள்நோக்கி மடங்கக் கூடாது. அப்படி எல்லாப் புள்ளிகளையும் அடக்கும் உருவங்களில் மிகச் சிறியதுதான் மீச்சிறு குவிப் பலகோணம். அதன் பரப்பளவைக் கணக்கிட்டால் வேலை முடிந்தது. தாளும் அளவுகோலும் போதும் என்பதால், கணினி வருவதற்கு முன்பே இந்த முறை ஊன்றிவிட்டது.

ஒரு கற்பனைக் குள்ளநரியை எடுத்துக்கொள்வோம். அதற்கு 20 இடப்பதிவுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 19 பதிவுகள், பக்கத்துக்கு 2 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரத்துக்குள் அடங்குகின்றன. நான்கு மூலைகளிலும் புள்ளி உண்டு. இந்த 19-ஐ மட்டும் கொண்டு பலகோணம் வரைந்தால் அந்தச் சதுரமே கிடைக்கும். பரப்பு 4 சதுர கிலோமீட்டர்.

இருபதாவது பதிவு தனியே, சதுரத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பக்கத்தின் நடுவுக்கு நேராகக் கிடக்கிறது. இதையும் சேர்த்தால் சதுரத்தோடு ஒரு முக்கோணம் ஒட்டிக்கொள்கிறது. அதன் அடிப்பக்கம் 2 கிலோமீட்டர், உயரம் 4 கிலோமீட்டர். பரப்பு 4 சதுர கிலோமீட்டர். ஆக மொத்தம் 8. ஒரே ஒரு புள்ளி, நரியின் நிலத்தை இரண்டு மடங்காக்கிவிட்டது. சதுரத்துக்குள் கிடக்கும் புள்ளிகளோ கணக்குக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அவற்றை அழித்துவிட்டாலும் விடை மாறாது. இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான். விலங்கு அதிகம் தங்கும் இடங்களைப் பற்றிக் கேட்காமல், அது அபூர்வமாகத் தொட்ட ஓரங்களை வைத்தே முழு விடையையும் சொல்லிவிடுகிறது.

இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வழி 95 சதவீதப் பலகோணம். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரு மையம் கண்டுபிடித்து, அதிலிருந்து மிகத் தள்ளிக் கிடக்கும் 5 சதவீதப் புள்ளிகளை நீக்கிவிட்டு, மீதிக்குப் பலகோணம் வரைவார்கள். நம் நரிக்கு 20-இல் 5 சதவீதம் என்றால் சரியாக ஒரு புள்ளி. தனியே கிடந்தது விழுந்துவிடும்; பரப்பு மறுபடியும் 4-க்கு வந்துவிடும்.

பர்ட் சொன்ன "எப்போதோ ஒருமுறை" என்பதைக் கணக்காக்கிவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் அந்தக் கிழக்குப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை இருந்து, நரி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இரவில் அங்கே போய்வருகிறது என்று வையுங்கள். நாம் பகலில் மட்டும் சிக்னல் பிடித்திருந்தால் ஒரு பதிவுதான் சிக்கியிருக்கும். அந்த நரிக்குப் பண்ணை அன்றாடக் காரியத்தில் சேர்ந்தது. நம் 5 சதவீதம் அதை வெட்டி எறிந்துவிட்டது. 95 என்ற எண்ணுக்குப் பின்னால் விலங்கின் இயல்பு எதுவும் இல்லை, ஆய்வாளர்களின் பழக்கம்தான் இருக்கிறது. எனவே நீக்கப்பட்ட புள்ளி எது, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்காமல் அந்த எண்ணை நம்ப முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவுகள் கூடக்கூடப் பலகோணம் பெரிதாகுமே தவிரச் சிறிதாகாது. பத்து நாள் பின்தொடர்ந்த நரியைவிட நூறு நாள் பின்தொடர்ந்த நரிக்குப் பெரிய நிலம் இருப்பதுபோல் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பதிவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் பரப்பைக் கணக்கிட்டு வரைபடமாகப் போடவேண்டும். கோடு ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் படுத்துவிட்டால் பதிவுகள் போதும். கடைசிப் புள்ளி வரையிலும் ஏறிக்கொண்டே இருந்தால், நம் கையில் இருப்பது விலங்கின் பரப்பு அல்ல. நம் உழைப்பு எதுவரை போனது என்பதன் அளவு.

மணல் குவியல்களின் கணக்கு

அடுத்த முறை வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஓரம் எங்கே என்று அது கேட்பதில்லை. எந்த இடத்தில் இந்த விலங்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறது. புள்ளியியலில் ஏற்கெனவே இருந்த கெர்னல் முறையை 1989-இல் பி. ஜே. வொர்ட்டன் விலங்குகளின் நடமாட்டத்துக்குப் பொருத்திக் காட்டினார்.

வரைபடத்தில் ஒவ்வொரு பதிவுப் புள்ளியின் மேலும் ஒரு படி மணலைக் கொட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மணல் குவிந்து, நடுவில் உயர்ந்து, ஓரத்தில் சரிந்து நிற்கும். புள்ளிகள் நெருக்கமாக உள்ள இடத்தில் குவியல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகும். புள்ளி தனியாகக் கிடக்கும் இடத்தில் சின்னத் திட்டு மட்டும் இருக்கும். எல்லாம் கொட்டி முடித்தபின் நிற்கும் அந்த மேடுபள்ளம்தான் விலங்கின் பயன்பாட்டு வரைபடம். மேடு உயர்ந்த இடத்தில் அதைக் காண வாய்ப்பு அதிகம்.

பிறகு ஒரே உயரத்தில் சுற்றிலும் கோடு போடவேண்டும். அந்தக் கோட்டுக்குள் மொத்த மணலில் 95 சதவீதம் அடங்குமாறு உயரத்தைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருப்பது நடமாடும் பரப்பு. 50 சதவீதம் அடங்குமாறு மேலே ஒரு கோடு போட்டால், உள்ளே இருப்பது விலங்கு மிகுதியாகப் புழங்கும் மையப்பகுதி. பலகோணத்தில் சொன்ன 95-உம் இங்கே சொல்லும் 95-உம் ஒன்றல்ல. அங்கே 5 சதவீதப் புள்ளிகளைத் தூக்கி எறிந்தோம். இங்கே ஒரு புள்ளியையும் எறியவில்லை. வாய்ப்பு குறைந்த விளிம்பை மட்டும் வெளியே விட்டோம். இரண்டு அறிக்கைகளிலும் "95 சதவீதம்" என்று இருப்பதாலேயே எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறு.

குவியலின் வடிவம் கொஞ்சம் மாறினால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் ஒவ்வொரு குவியலும் எவ்வளவு அகலமாகப் பரவவேண்டும் என்ற முடிவு எல்லாவற்றையும் மாற்றிவிடும். அந்தப் பரவல் அகலத்தை h என்ற எழுத்தால் குறிப்பார்கள். அதைத் தேர்ந்தெடுக்க வழக்கத்தில் உள்ள எளிய சூத்திரம் இது:

```
h = σ × n^(-1/6)
```

இதில் n என்பது பதிவுகளின் எண்ணிக்கை. σ என்பது புள்ளிகள் மொத்தத்தில் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. கிழக்கு மேற்குச் சிதறலையும் வடக்கு தெற்குச் சிதறலையும் சராசரியாக்கிப் பெறுவது. புள்ளிகள் அதிகமானால் குவியல் குறுகும். சிதறல் அதிகமானால் குவியல் விரியும். பார்க்க நியாயமாகவே இருக்கிறது.

இதை இன்னொரு நரியிடம் கொடுத்துப் பார்ப்போம். இதற்கும் 20 பதிவுகள். பத்து ஓர் ஏரிக்கரையில், பத்து அங்கிருந்து 6 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கரட்டடியில். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் புள்ளிகளின் சிதறல் அரைக் கிலோமீட்டர்தான். நடுவில் இருப்பது ஊரும் சாலையும். அங்கே ஒரு பதிவுகூட இல்லை.

சூத்திரத்துக்கு இது இரண்டு கூட்டம் என்று தெரியாது. இருபதையும் ஒன்றாகப் பார்த்துச் சிதறலைக் கணக்கிடுகிறது. இரண்டு கூட்டங்களுக்கு இடையிலுள்ள தொலைவும் அந்தச் சிதறலில் ஏறிவிடுவதால், σ ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர் ஆகிறது. 20 பதிவுகளுக்கு n-இன் பங்கு சுமார் 0.6. பெருக்கினால் h ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர். ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே கணக்கிட்டிருந்தால் h 0.34 கிலோமீட்டர்தான் வந்திருக்கும். ஆகவே தேவைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு அகலமாக மணல் பரவிவிட்டது.

அகலமான குவியல்களோடு 95 சதவீதக் கோட்டைப் போட்டால், அது ஏரிக்கரையையும் கரட்டையும் இணைத்து, நரி கால்வைத்ததாகப் பதிவே இல்லாத ஊரையும் உள்ளே இழுத்துக்கொண்டு, 70 சதுர கிலோமீட்டருக்கும் மேல் காட்டும். குறுகிய குவியல்களோடு போட்டால் இரண்டு தனித் திட்டுகள் கிடைக்கும்; இரண்டும் சேர்ந்து சுமார் 14 சதுர கிலோமீட்டர். நரியும் புள்ளிகளும் மாறவில்லை, முறைகூட மாறவில்லை. ஒரு அகலத்தை மாற்றியதில் விடை ஐந்து மடங்கு மாறியிருக்கிறது.

அப்படியானால் அகலத்தை எவ்வளவு குறைத்தாலும் நல்லதா? இல்லை. மிகவும் குறைத்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனித் திட்டாக உடைந்து, நரி ஒரு திட்டிலிருந்து அடுத்ததற்குத் தரையைத் தொடாமல் போனதுபோல் படம் வரும். படத்தைப் பார்த்தே இரண்டு தவறுகளையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பதிவே இல்லாத இடங்களைக் கோடு பெருமளவில் விழுங்கியிருந்தால் அகலம் கூடிவிட்டது. ஒற்றைப் புள்ளிகளைச் சுற்றிச் சின்னச் சின்ன வளையங்கள் நிறைய இருந்தால் குறைந்துவிட்டது. புள்ளிகளைக் கொண்டே அகலத்தைத் தேடித்தரும் நுட்பங்களும் உண்டு. ஆனால் விலங்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தால் அவை தடுமாறும். சில சமயம் விடையே தராது. அதனால்தான் கவனமான ஆய்வாளர் பரப்பை எழுதும்போது h என்ன, எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதையும் எழுதுவார். அது இல்லாத கெர்னல் கணக்கை வேறு யாரும் திரும்பச் செய்து சரிபார்க்க முடியாது.

ஜிபிஎஸ் காலர் வந்தபின் புதிதாக ஒரு வம்பு சேர்ந்தது. பழைய ரேடியோ காலர் காலத்தில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு காட்டில் அலைந்து, ஒரு நாளைக்கு ஒரு பதிவு வாங்குவதே பெரிய வேலை. இப்போது மணிக்கொரு பதிவு தானாக வருகிறது, மாதத்துக்கு 720. சூத்திரம் இந்த 720-ஐயும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 720 செய்திகளாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மூன்று மணிக்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் விலங்கு நான்கு மணிக்கும் இருக்கும். புதுச் செய்தி கொஞ்சம்தான். n பெரிதாகத் தெரிவதால் குவியல்கள் தேவைக்கு மேல் குறுகி, பரப்பு உள்ளதைவிடச் சிறிதாக வந்துவிடும். இந்தத் தொடர்பையும் கணக்கில் எடுக்கும் திருத்திய கெர்னல் முறையை 2015-இல் கிறிஸ் ஃப்ளெமிங்கும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். மணிக்கணக்கில் பதிவுகள் உள்ள ஆய்வுகளில் இப்போது அதை நாடுகிறார்கள்.

நான்கு காட்டுப் பன்றிகள்

நிஜமான பதிவுகளில் இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு, தெற்கு பிரான்சில் மோன்பெலியே நகருக்கு அருகிலுள்ள புயெஷபோனில் ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்த நான்கு காட்டுப் பன்றிகள். நடமாட்டப் பரப்பைக் கணக்கிட உலகெங்கும் புழங்கும் adehabitatHR என்ற மென்பொருள் தொகுப்பை எழுதிய கிளெமான் கலான்ஷ், அதன் விளக்கக் கையேட்டில் இந்தப் பன்றிகளின் பதிவுகளையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறார். பயில்பவர் யாரும் அவற்றைத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம்.

பன்றிகளின் பெயர் ப்ராக், கலூ, ஷூ, ழான். பதிவுகள் முறையே 30, 19, 40, 30. 95 சதவீதப் பலகோணம் வரைந்தால் ப்ராக்குக்கு 22.6 ஹெக்டேர், கலூவுக்கு 41.7, ஷூவுக்கு 71.9, ழானுக்கு 55.9 வருகிறது. ஏக்கரில் சொன்னால் ப்ராக்குக்குச் சுமார் 56, ஷூவுக்குச் சுமார் 178.

இந்த நான்கு எண்களையும் வரிசைப்படுத்தி, "ஷூதான் அதிகம் சுற்றும் பன்றி" என்று எழுதிவிடத் தோன்றும். பதிவுகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை தயங்கும். ப்ராக்கையும் ழானையும் ஒப்பிடுவதில் தடை இல்லை. இரண்டுக்கும் 30 பதிவுகள், ஒரே முறை. ழானின் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்பதைப் பன்றிகளுக்குள் உள்ள வேறுபாடாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஷூ அப்படியில்லை. அதற்குப் பத்துப் பதிவுகள் கூடுதல். பதிவு கூடினால் பலகோணம் பெருகும் என்பதால், ழானைவிட அது கொண்டிருக்கும் 16 ஹெக்டேரில் எவ்வளவு பன்றியுடையது, எவ்வளவு அந்தப் பத்துப் பதிவுகளுடையது என்று இந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. அதைப் பிரிக்க, ஷூவின் 40 பதிவுகளிலிருந்து 30-ஐக் குலுக்கலில் எடுத்துப் பலகோணம் வரைந்து, இதையே பல நூறு முறை திரும்பச் செய்து, கிடைக்கும் பரப்புகள் பெரும்பாலும் 55.9-க்கு மேலே நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

கலூவின் நிலை இன்னும் இக்கட்டு. 19 பதிவுகளில் ஒவ்வொன்றும் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு புள்ளியை எடுத்தாலே 95 சதவீதக் கோடு தாண்டிவிடும். சதவீதத்தை 100-லிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், பரப்பு சட்டென்று சரிவது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது கலான்ஷின் வழி. மற்ற மூன்று பன்றிகளுக்கும் 5 சதவீதத்தை நீக்குவது பொருத்தம் என்கிறார். கலூவுக்கு 20 சதவீதம் வரை நீக்கினால்தான் சரிவு அடங்குகிறது. ஐந்தில் ஒரு பங்குப் பதிவுகளைக் குப்பையில் போடுவதை நியாயப்படுத்துவது கடினம் என்றும் அவரே எழுதுகிறார். 41.7 என்று ஒரு தசமம் வரை துல்லியமாக நிற்கும் எண்ணுக்குப் பின்னால் உள்ள நிலைமை இது.

கெர்னலுக்கு மாறினால் கலூவின் தொல்லை தீருமா என்றால், தீராது. கெர்னல் முறைக்குக் குறைந்தது 30 பதிவுகள் வேண்டும், 50 இருந்தால் நல்லது என்று சீமனும் கூட்டாளிகளும் 1999-இல் கணினிச் சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார்கள். 19 பதிவுகளுக்குக் குவியல் அகலமாகவே விரியும். பன்றி போகாத புதர்க்காட்டையும் சேர்த்து மூடும். முறை மாறினாலும் பதிவுப் பற்றாக்குறை போகாது.

அப்படியானால் எந்த முறையை எப்போது எடுப்பது? முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வோடு ஒப்பிடவேண்டுமானால் பலகோணத்தை விட்டால் வேறு வழியில்லை, ஏனென்றால் பழைய ஆய்வுகள் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் விட்டுச்சென்றிருக்கின்றன. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் 1990-களில் காலர் மாட்டிய யானைக் கூட்டங்களுக்கு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் சொல்லப்பட்ட பரப்புகளை இன்றைய ஜிபிஎஸ் யானைகளோடு ஒப்பிடுபவர், முதலில் புதிய பதிவுகளையும் அதே முறையில், ஏறக்குறைய அதே எண்ணிக்கைக்குக் குறைத்துக் கணக்கிட்டாக வேண்டும். கேமராவை எங்கே கட்டுவது, சாலையில் எந்த இடத்தில் விலங்குகள் கடக்க வழி விடுவது என்பது கேள்வியானால் பலகோணம் உதவாது. கெர்னலின் 50 சதவீத மையப்பகுதிதான் உதவும். ஏரி, கடல், மதில் போன்று விலங்கு போகவே முடியாத இடம் நடுவில் இருந்தால் இரண்டு முறைகளுக்குமே அது தெரியாது. நாமேதான் அதை வெட்டிக் கழிக்கவேண்டும்.

இனி ஒரு புலிக்கோ யானைக்கோ இத்தனை சதுர கிலோமீட்டர் என்று செய்தியில் வந்தால், எத்தனை பதிவுகள், எத்தனை நாள், எந்த முறை, எத்தனை சதவீதம், கெர்னல் என்றால் h எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். இந்த விவரங்கள் உடன் இருந்தால் அந்த எண்ணை இன்னொரு விலங்கின் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அந்த எண் பெரிதா சிறிதா என்றுகூடச் சொல்ல முடியாது.